தாழ்மையுடன் கேட்டா தாழ்மையாத்தான் கிடைக்கும்

மக்களே, ரொம்ப நாளா உள்ளுக்குள்ள ஊறிக்கிட்டு இருந்த எரிச்சல் இது. இன்னிக்கு ஆணி கொஞ்சம் கம்மி, அதனால இறக்கி வெச்சுடறேன். பதிவு நீளம், காபி எடுத்துக்கிட்டு உக்காருங்க.

நமக்கெல்லாம் கடிதம் எழுதக் கத்துக்குடுத்தது பள்ளிக்கூடம். என்னென்ன கடிதம்? ஒண்ணு, விடுப்பு விண்ணப்பம். "எனக்குக் கடுமையான காய்ச்சல் காரணமாக இரண்டு நாட்கள் விடுப்பு அளிக்குமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன், இப்படிக்குத் தங்கள் கீழ்ப்படிதலுள்ள மாணவன்." இன்னொண்ணு, எங்க தெருவுல விளக்கு எரியலன்னு ஆணையருக்கு மனு. அவ்வளவுதான். ரெண்டுலயும் நாம கீழ நிக்கிறோம், கஷ்டத்தைச் சொல்றோம், மேல இருக்கறவர் மனசு இரங்கணும். முப்பது வயசுல, பொறுப்பான வேலையில உக்காந்துக்கிட்டு, சம்பளம் ஏத்திக் கேட்டு டேமேஜருக்கு எழுதும்போதும் அதே அச்சுலதான் வார்த்து எடுக்கறோம். காய்ச்சலுக்குப் பதிலா வீட்டு வாடகை. அவ்வளவுதான் வித்தியாசம்.

இதுல கடுப்பு என்னன்னா, "அப்படித்தாம்பா கேக்கணும், பணிவா கேட்டாத்தான் குடுப்பாங்க"ன்னு அறிவுரை சொல்ல ஊர்ல பத்து பேர் இருக்காங்க. அந்தப் பத்து பேரோடதான் இன்னிக்குச் சண்டை. ஒரு நிஜமான கேஸை வெச்சுப் பேசறேன்.

எனக்குத் தெரிஞ்ச தோழி ஒருத்தங்க. அம்பத்தூர் பக்கம் ஒரு வாகன உதிரிபாகக் கம்பெனியில டெஸ்பாட்ச் அசிஸ்டென்ட். நாலு வருஷ சர்வீஸ், மாசம் 35,000 சிடிசி. 2024 ஜூன் கடைசியில அங்க இருந்த சீனியர் டெஸ்பாட்ச் ஆபீசர் வேலையை விட்டுப் போயிட்டார். "ஆள் எடுக்கற வரைக்கும் கொஞ்சம் பாத்துக்கம்மா"ன்னு அவர் வேலையை இவங்க தலையில வெச்சாங்க. ஆளும் எடுக்கல, தலையில இருந்து எறக்கவும் இல்ல. இந்தக் "கொஞ்சம் பாத்துக்கம்மா"தான் நம்ம நாட்டுல மிகப்பெரிய சம்பளத் திருட்டுன்னு நான் சொல்வேன். கையெழுத்து கிடையாது, தேதி கிடையாது, பதவிப் பேரு கிடையாது. வேலை மட்டும் வந்துடும்.

ஆறு மாசம் கழிச்சு சம்பள உயர்வு கேட்டு ஒரு கடிதம் எழுதி என்கிட்ட படிக்கக் குடுத்தாங்க. அதுல இருந்தது இதுதான்: நாலு வருஷமா விசுவாசமா உழைக்கிறேன். இப்ப வேலைப்பளு மிகவும் அதிகமாகிவிட்டது. விலைவாசி ஏறிப்போச்சு, பையன் ஸ்கூல் பீஸ் கட்டணும், அம்மாவுக்கு மருத்துவச் செலவு. ஆகவே பார்த்து ஏதாவது உயர்த்தித் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இதுல ஒரு வரி கூட பொய் இல்ல. ஆனா ஒரு வரி கூட உபயோகமும் இல்ல. ஏன்னு சொல்றேன்.

முதல்ல, அந்தக் கடிதம் எங்க போகும்னு யோசிங்க. நாம நம்ம டேமேஜருக்குத்தான் எழுதறோம்னு நினைச்சுக்கிட்டு இருக்கோம். நிஜத்துல, பெரும்பாலான கம்பெனியில நேரடி மேனேஜருக்கு உங்க சம்பளத்தை ஏத்தற அதிகாரமே கிடையாது. பரிந்துரை பண்ற அதிகாரம்தான் உண்டு. அவர் பிளான்ட் தலைவருக்கு அனுப்பணும், அவர் மனிதவளத் துறைக்கு அனுப்பணும், அவங்க நிதித்துறையில கேக்கணும். இந்த வரிசையில கடைசியா இருக்கறவர் உங்க முகத்தைப் பாத்திருக்க மாட்டார். நீங்க ராத்திரி எட்டு மணி வரைக்கும் லாரிக்கு நின்னது அவருக்குத் தெரியாது. அவர் கையில இருக்கப் போறது உங்க ஒரு பக்கக் கடிதம் மட்டும்தான்.

அதனால, அந்தக் கடிதத்தை உங்க மேனேஜர் ஒரு வார்த்தை மாத்தாம அப்படியே மேல ஃபார்வேர்ட் பண்ண முடியுமா? இதுதான் ஒரே பரீட்சை. "பையன் ஸ்கூல் பீஸ்"ங்கற வரியை எந்த மேனேஜர் நிதித்துறைக்கு அனுப்புவார்? அதை அவர் படிச்சு, பாவம்னு உச்சுக்கொட்டி, ட்ராயர்ல வெச்சுடுவார். கெட்டவரா இருந்து இல்ல, மேல அனுப்ப அதுல சரக்கு இல்லாததால. நிதித்துறையில உக்காந்திருக்கறவருக்கும் பையன் இருக்கான், அவனுக்கும் ஸ்கூல் பீஸ் இருக்கு.

ரெண்டாவது, எந்தப் பணத்துல இருந்து கேக்கறோம்ங்கறது. இதை நம்மாளுங்க யோசிக்கறதே இல்ல. வருஷாந்திர உயர்வுக்கு ஒவ்வொரு குழுவுக்கும் ஒரு உண்டியல் ஒதுக்குவாங்க. தோழி குழுவுல பத்து பேர், மொத்தச் சம்பளம் மாசம் நாலு லட்சம், உயர்வு 8 சதவீதம்னு வெச்சுக்குங்க. உண்டியல்ல 32,000 ரூபாய். தலைக்குச் சராசரியா 3,200. இதுல இருந்து இவங்க 9,000 எடுத்தா, மீதி ஒன்பது பேரும் 23,000-ஐப் பங்கு போடணும், அதாவது ஆளுக்கு சுமார் 2,550. எந்த மேனேஜர் இந்த வம்பை விலைக்கு வாங்குவார்? "எல்லாருக்கும் மாதிரி உனக்கும் பாத்துப் போட்டிருக்கேம்மா"ன்னு சொல்லி 3,500 குடுத்து அனுப்பிடுவார். "பார்த்து ஏதாவது உயர்த்தித் தாருங்கள்"னு கேட்டா அந்த உண்டியலுக்குள்ளதான் கையை விடச் சொல்றீங்க.

ஆனா இவங்க கேஸ்ல இன்னொரு பணம் இருக்கு. போன சீனியரோட இடம். அந்தப் பதவி காலியா இருக்கு, அதுக்கான சம்பளம் அந்த வருஷ பட்ஜெட்ல ஒதுக்கியே இருக்கு, செலவாகாம கிடக்கு. மார்ச் முடிஞ்சு அடுத்த பட்ஜெட் போடும்போது நிதித்துறை என்ன கேக்கும்? "ஒன்பது மாசமா ஆள் இல்லாம ஓடுதே, அப்ப அந்த இடமே எதுக்கு?" வெட்டிடுவாங்க. வெட்டின பிறகு நீங்க எவ்வளவு நல்லா எழுதினாலும் பணம் இல்ல. அதனால இவங்க கேக்க வேண்டியது வருஷாந்திர உயர்வு இல்ல. பாக்கற வேலைக்கு ஏத்த பதவி, அந்தப் பதவிக்கான சம்பளம். கேக்க வேண்டிய நேரம், ஏப்ரல்ல எல்லாருக்கும் கடிதம் வந்த பிறகு இல்ல. ஜனவரி, பட்ஜெட் பூட்டு போடறதுக்கு முன்னால.

இப்பதான் முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். புதுப் பொறுப்பு, கிடைச்ச பலன் - இந்த ரெண்டையும் கடிதத்துல போடணும்னு எல்லாருக்கும் தெரியும். ஆனா ரெண்டும் ரெண்டு வேற வேலை பாக்குதுன்னு தெரியாது. பொறுப்புதான் விலையைச் சொல்லும். பலன், அந்த விலைக்கு நீங்க தகுதின்னு சொல்லும். இதைக் குழப்பினா போச்சு.

எப்படின்னா, பலனை வெச்சு விலை பேசறவங்க இருக்காங்க. "நான் கம்பெனிக்கு ரெண்டரை லட்சம் மிச்சப்படுத்தினேன், அதுல எனக்குப் பங்கு குடு." உடனே பதில் வரும்: "அதுக்குத்தாம்மா சம்பளம் குடுக்கறோம்." அந்தப் பதில் நியாயமான பதில்தான், வாயடைச்சுப் போகும். போதாததுக்கு, அடுத்த வருஷம் மிச்சம் குறைஞ்சா உங்க சம்பளத்தைக் குறைக்க நீங்களே வழி சொல்லிக் குடுத்த மாதிரி ஆயிடும். மறுபக்கம், பொறுப்பை மட்டும் சொல்லி நிறுத்தறவங்க. "வேலைப்பளு அதிகமாகிவிட்டது." இதைப் படிக்கறவர் காதுல "எனக்கு முடியல, ஒரு ஆளைக் குடுங்க"ன்னுதான் விழும். உதவிக்கு ஒரு டிரெய்னியைப் போட்டுட்டு, உயர்வு குடுத்தாச்சுன்னு திருப்தியா தூங்கப் போயிடுவார். பளு வேற, பொறுப்பு வேற. பத்து லாரிக்குப் பதிலா பதினஞ்சு லாரிக்கு பில் போட்டா அது பளு. எந்த லாரி இன்னிக்குப் போகணும், ஸ்பெஷல் வண்டி போடணுமா வேண்டாமான்னு முடிவு பண்ணி, அதுக்குக் கையெழுத்துப் போட்டு, தப்பானா திட்டு வாங்கினா அது பொறுப்பு.

இப்படி உக்காந்து பிரிச்சப்போ தோழிக்கு மூணே மூணு பொறுப்பு தேறிச்சு. வாடிக்கையாளர்கள் ரெண்டு பேரோட தினசரி சப்ளை அட்டவணையைப் பேசி முடிவு பண்றது. ஸ்பெஷல் வண்டிக்கு அனுமதி குடுக்கறது. சப்ளை குறைஞ்சா வாடிக்கையாளர் போடற டெபிட் நோட்டுக்குப் பதில் சொல்றது. மூணும் முன்னால ஆபீசர் வேலை. மூணும் எந்தத் தேதியில இவங்க கைக்கு வந்துச்சுன்னு மெயில்ல தேடினா கிடைச்சுது. "இனிமே அவங்க கிட்ட பேசிக்குங்க"ன்னு வாடிக்கையாளருக்கு மேனேஜரே 2024 ஜூலை 1-ல எழுதின ஒரு வரி மெயில். வாயால சொன்ன "கொஞ்சம் பாத்துக்கம்மா"வுக்கு எழுத்து சாட்சி அதுதான்.

அடுத்து பலன். வாகனத் தொழில்ல இருக்கறவங்களுக்கு ஸ்பெஷல் வண்டின்னா வயித்துல புளி கரைக்கும். வாடிக்கையாளரோட அசெம்பிளி லைன் நம்ம பாகத்துக்காக நிக்கக் கூடாது. வழக்கமான லாரியைத் தவறவிட்டா, பாதி காலியா ஒரு தனி வண்டியை ஓசூருக்கு விரட்டணும். ஒரு தடவைக்குச் சராசரியா 14,000 ரூபாய், மொத்தமும் நம்ம கம்பெனி செலவு. 2023 ஜூலையில இருந்து டிசம்பர் வரைக்கும் 31 ஸ்பெஷல் வண்டி போயிருக்கு, 4,34,000 ரூபாய். 2024-ல அதே ஆறு மாசத்துல 12 வண்டி, 1,68,000. மிச்சம் 2,66,000.

கவனிங்க, அதே ஆறு மாசம். ஜனவரி-ஜூனோட ஜூலை-டிசம்பரை ஒப்பிட்டா, பண்டிகைக்கு முன்னால உற்பத்தி ஏறி இறங்கறதெல்லாம் கலந்து கணக்கு கெட்டுப்போகும், மேல இருக்கறவர் முதல் கேள்வியிலயே உடைச்சுடுவார். அவரோட ரெண்டாவது கேள்வி, "வியாபாரமே கொறைஞ்சதால வண்டி கொறைஞ்சிருக்கலாமே?" அதுக்கும் பதில் கடிதத்துலயே இருக்கணும். வழக்கமான லோடு 1,480-ல இருந்து 1,560 ஆகியிருந்துச்சு. வியாபாரம் ஏறியிருக்கு, ஸ்பெஷல் வண்டி இறங்கியிருக்கு.

மூணாவது கேள்விதான் கொலைகாரக் கேள்வி. "சரி, குறைஞ்சுது. நீங்கதான் குறைச்சீங்கன்னு என்ன நிச்சயம்?" எண்ணை மட்டும் எழுதிட்டு விட்டா இங்க மாட்டிக்குவோம். என்ன செஞ்சதால எண் மாறுச்சுன்னு ஒரு வரி வேணும். தோழி விஷயத்துல காரணம் ரொம்பச் சின்னது. வாடிக்கையாளர் அடுத்த நாள் அட்டவணையை சாயங்காலம் மாத்துவார். பழைய வழக்கப்படி அதை மறுநாள் காலையில பத்து மணிக்குத்தான் பாப்பாங்க. அதுக்கப்புறம் பேக்கிங் பண்ணினா பதினொரு மணி லாரிக்கு எட்டாது, ஸ்பெஷல் வண்டிதான் கதி. இவங்க ஏழு மணிக்கு அட்டவணையைத் திருப்பிப் பாத்து, கையிருப்போட ஒப்பிட்டு, குறையறதை எட்டு மணிக்குள்ள ராத்திரி ஷிப்ட் பேக்கிங்குக்குச் சொல்லிட ஆரம்பிச்சாங்க. காலையில சரக்கு ரெடி. அவ்வளவுதான் ரகசியம். ஆனா இந்த மூணு வரி இருந்தாத்தான் 2,66,000-ங்கறது இவங்க எண். இல்லாட்டி அது அதிர்ஷ்டம்.

முதல் பட்டியல்ல இன்னொரு பெருமையும் இருந்துச்சு. முந்தின வருஷம் ஈ-வே பில் காலாவதி ஆகி ரெண்டு வண்டி வழியில மாட்டிக்கிச்சு, இந்த வருஷம் ஒண்ணு கூட இல்ல. (200 கிலோமீட்டருக்கு ஒரு நாள்தான் செல்லும், வண்டி வழியில படுத்துடுச்சுன்னா நேரத்துக்குள்ள நீட்டிக்கணும்.) இதைத் தூக்கிடச் சொன்னேன். ரெண்டு பூஜ்யமாச்சுங்கறது வண்டி ரிப்பேர் ஆகாத அதிர்ஷ்டமாவும் இருக்கலாம். பலவீனமான ஒரு சாட்சியைக் கூண்டுல ஏத்தினா, குறுக்கு விசாரணையில பலமான சாட்சியும் சேர்ந்து சாயும். அதே மாதிரி, பேக்கிங் சூப்பர்வைசர் பேரையும் சேக்கச் சொன்னேன். நல்லெண்ணத்துக்காக மட்டும் இல்ல. கடிதம் மேல போனா அவர்கிட்டயும் கேப்பாங்க. "நாங்கதானே ராத்திரி முழிச்சோம்"னு அவர் ஒரு வார்த்தை சொன்னா மொத்தக் கடிதமும் காலி.

கடைசியில போன கடிதம் இது. ஆங்கிலத்துல அனுப்பினாங்க, சாரத்தைத் தமிழ்ல தர்றேன். பேருங்களை எடுத்துட்டேன்.

"பொருள்: டெஸ்பாட்ச் ஆபீசர் பொறுப்புக்கு ஏற்பப் பதவியும் சம்பளமும் திருத்தக் கோருதல்.

வணக்கம் சார். செவ்வாயன்று நாம் பேசியதை எழுத்தில் தருகிறேன்.

2024 ஜூலை 1 முதல், டெஸ்பாட்ச் ஆபீசர் பார்த்துவந்த மூன்று பொறுப்புகளை நான் பார்த்துவருகிறேன்: இரண்டு வாடிக்கையாளர்களின் தினசரி அட்டவணை, ஸ்பெஷல் வண்டிகளுக்கு அனுமதி, டெபிட் நோட்டுகளுக்குப் பதில். அசிஸ்டென்ட் வேலையையும் தொடர்ந்து செய்கிறேன். இந்த மாற்றத்தை வாடிக்கையாளருக்குத் தெரிவித்த உங்கள் மெயிலை இணைத்துள்ளேன்.

ஜூலை-டிசம்பர் காலத்தில் ஸ்பெஷல் வண்டிகள் 2023-ல் 31, 2024-ல் 12. செலவு 4,34,000 ரூபாயிலிருந்து 1,68,000 ரூபாயாகக் குறைந்துள்ளது. வழக்கமான லோடுகள் 1,480-லிருந்து 1,560 ஆகியுள்ளன. மாலை ஏழு மணிக்கு அட்டவணையை மறுபடி சரிபார்த்து, இரவு ஷிப்ட் தொடங்கும் முன் பேக்கிங் பிரிவுக்குத் தெரிவிக்கும் முறையை ஜூலை இரண்டாம் வாரத்தில் தொடங்கினேன். பேக்கிங் சூப்பர்வைசரின் ஒத்துழைப்போடு இது நடக்கிறது. கணக்கு, போக்குவரத்து பில்களிலிருந்து எடுக்கப்பட்டது.

ஏப்ரல் 1 முதல் என் பதவியை டெஸ்பாட்ச் ஆபீசர் எனத் திருத்தி, மாதச் சம்பளத்தை 35,000-லிருந்து 44,000 ரூபாயாக நிர்ணயிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். பிப்ரவரி பட்ஜெட்டுக்கு முன் இதைப் பரிசீலிக்க முடிந்தால் நல்லது. வேறு விவரம் தேவைப்பட்டால் தருகிறேன்."

அவ்வளவுதான். ஒரு பக்கம் கூட வரல. ஸ்கூல் பீஸ் இல்ல, விசுவாசம் இல்ல, தாழ்மை இல்ல. ஆனா மரியாதை குறையல, பாத்தீங்களா? பணிவுங்கறது குரல்ல இருக்கணும், கணக்குல இருக்கக் கூடாது. போன ஆபீசர் என்ன சம்பளம் வாங்கினார்ங்கறதும் அதுல இல்ல. அடுத்தவர் சம்பளத்தை எழுதினா "உனக்கு எப்படித் தெரியும்"ங்கறதுதான் பேச்சாகும். படிக்கறவருக்கு அது தெரியும், அவரே கணக்குப் போட்டுக்குவார். அப்புறம், "செவ்வாயன்று பேசியதை"ன்னு ஆரம்பிக்குது. முன்னாலயே பேசாம திடீர்னு கடிதம் நீட்டினா எந்த மேனேஜரும் மிரள்வார், அடுத்தது ராஜினாமாவோன்னு. பேசிட்டு எழுதினா, அவர் கையில ஒரு ஆயுதத்தைக் குடுத்த மாதிரி.

இப்ப எதிர்க்கட்சிக்கு வருவோம்.

"இதெல்லாம் வேஸ்ட்டு பாஸ், வெளிய ஒரு ஆஃபர் லெட்டர் வாங்கிக் காட்டினா தன்னால ஏறும்"னு பொட்டி தட்டற நண்பர்கள் சொல்வாங்க. ஏறும், மறுக்கல. ஆனா ஆஃபர் லெட்டர் நீங்க வேற இடத்துல என்ன விலைன்னுதான் சொல்லும். ஆறு மாசமா இங்க சும்மா பாத்த ஆபீசர் வேலையைப் பத்தி அது பேசாது. ஆஃபரைக் காட்டி வாங்கினவரை அடுத்த தடவை ஆள் குறைக்கும்போது "எப்படியும் போறவர்தானே"ன்னு முதல்ல பாப்பாங்க. "சரி, போயிட்டு வாங்க"ன்னு சொல்லிட்டா போய்த்தான் ஆகணும். எல்லாரும் அப்படிப் போக முடியாது சாமி. பக்கத்துத் தெருவுல பையன் பள்ளிக்கூடம், வீட்டுல உடம்பு முடியாத அம்மா, இருபது நிமிஷத்துல வேலைக்குப் போயிட்டு வர்ற வசதி. இதை விட முடியாத ஒருத்தருக்கு "ஆஃபர் வாங்கு"ங்கறது அறிவுரை இல்ல, நக்கல். அவங்க போக மாட்டாங்கன்னு கம்பெனிக்கும் தெரியும், அதனாலதான் "கொஞ்சம் பாத்துக்கம்மா" அவங்க தலையில விழுது. அவங்களுக்கு இருக்கற ஒரே ஆயுதம் எழுத்து.

"நல்லா வேலை செஞ்சா அவங்களே பாத்துக் குடுப்பாங்க"ன்னு இன்னொரு கட்சி. ஸ்பெஷல் வண்டி போனா மெயில் பறக்கும், மீட்டிங் நடக்கும். போகாத 19 வண்டிக்கு எந்த மெயிலும் வராது. நல்லா செஞ்ச வேலை சத்தமே போடாது, மக்களே. நடக்காம தடுத்ததை நாமதான் எண்ணிச் சொல்லணும்.

சரி, என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. பிப்ரவரி கடைசியில பதில் வந்துச்சு. டெஸ்பாட்ச் ஆபீசர் பதவி, 41,000 சம்பளம், 2025 ஏப்ரல்ல இருந்து. தோழிக்குச் சந்தோஷம். பிரிச்சுப் பாத்தா அதுல 3,000 ரூபாய் "செயல்திறன் ஊக்கத்தொகை", வருஷம் முடிஞ்சதும், பிளான்ட் லாபத்தைப் பொறுத்து. அதாவது நிச்சயமான உயர்வு 3,000 மட்டும். சிடிசி-ங்கற மூணெழுத்துக்குள்ள ஒளிஞ்சிருக்கற வித்தை இதுதான். அவங்க ஒரே ஒரு கேள்வி எழுதிக் கேட்டாங்க: "நான் பொறுப்பை மாசாமாசம் பாக்கறேன், அதுல ஒரு பகுதிச் சம்பளம் மட்டும் ஏன் வருஷக் கடைசிக்குப் போகுது?" பேசிப் பேசி 1,000-த்துக்கு இறங்கிச்சு. நிச்சயச் சம்பளம் 35,000-ல இருந்து 40,000. அங்க பி.எஃப். 15,000 உச்சவரம்புலயே பிடிக்கறதால அதுல மாற்றம் இல்ல. கிராஜுவிட்டிக்கு ஒரு 120 ரூபாய் போக, கைக்கு கிட்டத்தட்ட 4,900 கூட வருது. கேட்டது 9,000. முழு வெற்றின்னு பீத்திக்க மாட்டேன். ஜூலையில இருந்து மார்ச் வரைக்கும் பாத்த ஒன்பது மாசத்துக்கு ஒரு பைசா கிடையாது. அதுக்குத்தான் சொல்றேன், பொறுப்பு கை மாறின அன்னிக்கே "இது எவ்வளவு நாளைக்கு சார், அதுக்கப்புறம் என்ன?"ன்னு ஒரு வரி மெயில் போட்டு வைங்க.

இந்தக் கடிதம் எல்லா இடத்துலயும் வேலை செய்யாது. அரசு வேலையில சம்பளக் குழு பரிந்துரையை வெச்சு அரசு தீர்மானிக்குது, தொழிற்சங்க ஒப்பந்தம் இருக்கற இடத்துல ஒப்பந்தம் தீர்மானிக்குது. அங்க தனியாளா எழுதிப் பிரயோஜனம் இல்ல. கம்பெனியே நஷ்டத்துல போயி, சம்பளமே தேதி தவறி வருதுன்னா, கடிதத்துக்குப் பதிலா பயோடேட்டா எழுதறது நல்லது. "இப்ப முடியாது"ன்னு பதில் வந்தா அதோட விட்டுடாதீங்க. எந்தப் பாயிண்டை ஏத்துக்கல, மறுபடி எப்ப பாப்பீங்கன்னு தேதியோட எழுதி வாங்குங்க. ரெண்டாவது தடவையும் இல்லைன்னா, "அப்ப இந்த மூணு பொறுப்பை யார்கிட்ட ஒப்படைக்கட்டும் சார்?"னு அமைதியா கேளுங்க. முதல் கடிதத்துல அதைக் கேட்டா மிரட்டல். ரெண்டாவதுல கேட்டா நியாயம்.

கடைசியா அந்தப் பத்து பேருக்கு ஒண்ணு. தாழ்மையுடன் கேக்கறது தப்புன்னு நான் சொல்லல. லீவுக்குத் தாழ்மையா கேளுங்க, காய்ச்சலுக்குக் கணக்குக் காட்ட முடியாது. செஞ்ச வேலைக்குக் கூலி கேக்கறது விண்ணப்பம் இல்ல, பில்லு. மளிகைக் கடை அண்ணாச்சி தாழ்மையுடன் கேட்டுக்கொண்டு பில் குடுத்து எங்கயாவது பாத்திருக்கீங்களா?

டிஸ்கி: டேமேஜர்களா இருக்கற பதிவர்கள் கோவிச்சுக்காதீங்க. உங்களுக்கும் மேல ஒரு டேமேஜர் இருக்கார், இந்தப் பதிவு உங்களுக்கும்தான் :) கும்மறவங்க கும்மலாம்.